காய்ச்சல் மாத்திரையும் எட்டு மணி நேரமும்

விடிகாலை நாலரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கம்பத்திலிருந்து குமுளி மலையேறி வர இன்னும் நேரம் இருந்தது. எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான் என்பதால் அகாலத்தில் கதவு தட்டப்படுவது புதிதல்ல. வெளியே பக்கத்து வீட்டுப் பெண் நின்றிருந்தார். கையில் வெறுமையான மாத்திரை அட்டைகள். அவருடைய நாத்தனார், 22 வயதுப் பெண், முந்தைய இரவு வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு அவற்றில் இருந்த மாத்திரைகளை விழுங்கியிருக்கிறாள். தலையணைக்கு அடியில் அட்டைகள் அகப்பட்ட பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

“வெறும் காய்ச்சல் மாத்திரைதான் அண்ணே. ராத்திரி ஒரு தடவை வாந்தி எடுத்தாள், எல்லாம் வெளியே வந்திருக்கும். இப்போது எழுந்து முகம் கழுவிவிட்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். காப்பிகூடக் குடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?”

அந்தக் கேள்வியில் மூன்று தவறான நம்பிக்கைகள் இருந்தன. காய்ச்சல் மாத்திரை என்ன செய்துவிடும் என்பது ஒன்று. வாந்தி எடுத்தால் விஷம் போய்விடும் என்பது இரண்டு. ஆள் நன்றாக இருந்தால் ஆபத்து தாண்டிவிட்டது என்பது மூன்று. படித்தவர்கள் வீட்டிலும் இதே மூன்றையும் கேட்டிருக்கிறேன். உயிரை எடுப்பது மூன்றாவதுதான். அது ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

மாத்திரை கல்லீரலுக்குள் போகும் மூன்று வழிகள்

பாராசிட்டமால் என்பது காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் எல்லோரும் விழுங்குகிற மருந்தின் பெயர். கடையில் வேறு வேறு பெயர்களில் கிடைக்கும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரையாக வரும். சொன்ன அளவில் எடுத்தால் மிகவும் பாதுகாப்பான மருந்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வீட்டுக் குழந்தைகளுக்கும் இதைத்தான் கொடுக்கிறேன்.

வேலை முடிந்த மருந்தை உடம்பு வெளியேற்ற வேண்டும். அந்தப் பொறுப்பு கல்லீரலுடையது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் சபரிமலை சீசனைத்தான் சொல்வேன். சாதாரண நாட்களில் குமுளி வழியாகப் போகிற வண்டிகளெல்லாம் பெரிய சாலையிலேயே நெருக்கடி இல்லாமல் போய்விடும். மண்டல காலத்தில் சாலை கொள்ளாது. மலையேறும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். அதுவும் நிரம்பிவிட்டால் அவசரக்காரர்கள் சந்து பொந்துகளில் எல்லாம் வண்டியை விட்டுவிடுவார்கள்.

கல்லீரலிலும் பாராசிட்டமாலுக்கு இரண்டு பெரிய சாலைகள் உண்டு. இரண்டிலும் மருந்தின் மேல் ஒரு ஒட்டுப்பொருள் சேர்க்கப்படுகிறது. ஒட்டுப்பொருள் சேர்ந்த மருந்து தீங்கற்றது. அது நீரில் எளிதாகக் கரைந்து சிறுநீரில் போய்விடும். சரியான அளவில் விழுங்கிய மாத்திரையில் பத்தில் ஒன்பது பங்கு இப்படித்தான் வெளியேறுகிறது. மிச்சத்தில் ஒரு சிறு பங்கு மட்டும் மூன்றாவது வழியில், ஒரு காட்டுப்பாதையில், இறங்குகிறது. அந்தப் பாதையில் போகும்போது மருந்து உருமாறி நச்சாகிவிடுகிறது. அந்த நச்சுக்கு நாப்கி என்று பெயர்.

ஒரே நேரத்தில் மாத்திரை குவிந்தால் பெரிய சாலைகள் திணறுகின்றன. ஒட்டுவதற்கான பொருள் கல்லீரலில் அளவாகத்தான் இருக்கிறது. அது தீர்ந்ததும் மருந்து காட்டுப்பாதைக்குத் திரும்புகிறது. சொட்டுச் சொட்டாக உருவான நாப்கி இப்போது ஓடையாகப் பெருகுகிறது.

குளுட்டதயோன்: ஆளுக்கு ஒன்றைப் பிடிக்கும் காவலர்

காட்டுப்பாதையில் காவல் இல்லாமல் இல்லை. கல்லீரல் செல்களில் குளுட்டதயோன் என்ற பொருள் எப்போதும் இருப்பில் இருக்கும். நாப்கி தோன்றியவுடன் குளுட்டதயோன் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த கையோடு இரண்டும் சேர்ந்து உடம்பைவிட்டு வெளியேறிவிடும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தக் காவலர் கைதியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வருவதில்லை. ஒரு நாப்கிக்கு ஒரு காவலர் என்று கணக்குத் தீர்ந்துகொண்டே போகும்.

ஆரோக்கியமான கல்லீரல் புதுக் காவலர்களைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் நாப்கி பெருகும் வேகத்துக்குத் தயாரிப்பு ஈடுகொடுக்காது. இருப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்போது தப்பிய நாப்கி, கல்லீரல் செல்லின் சொந்தப் புரதங்களிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. செல்லுக்குச் சக்தி கொடுக்கும் உறுப்புகள் செயலிழக்கின்றன. செல் சாகிறது. பட்டினி கிடப்பவர்களுக்கும், மெலிந்தவர்களுக்கும், தொடர்ந்து மது குடிப்பவர்களுக்கும் குளுட்டதயோன் இருப்பு முதலிலேயே குறைவாக இருக்கலாம். அவர்களுக்குச் சேதம் இன்னும் எளிதாகத் தொடங்கலாம்.

இதுவரை சொன்னதன் சாரம் இவ்வளவுதான். கெடுதல் செய்வது பாராசிட்டமால் அல்ல, அது உருமாறிப் பிறக்கும் நாப்கி. அதைத் தடுப்பது குளுட்டதயோன். குளுட்டதயோன் போதுமான அளவு இருக்கும்வரை கல்லீரலுக்கு ஒன்றும் ஆகாது. அது மிகவும் குறைந்த பிறகு சேதம் தொடங்கும்.

நன்றாக இருப்பதுபோல் ஏன் தெரிகிறது

குளுட்டதயோன் இருப்பு கரைய மணிக்கணக்கில் ஆகும். அதுவரை உடம்பில் உண்மையிலேயே எந்தச் சேதமும் இல்லை. ஆகவே அந்தப் பெண் காப்பி குடித்ததும் நடந்ததும் நடிப்பல்ல. முதல் நாளில் பலருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் இருக்கும். வெளிறிப்போய்ச் சோர்வாக இருப்பார்கள். அதுவும் பலருக்குத் தணிந்துவிடும். தணிந்ததைப் பார்த்து வீட்டார் நிம்மதி அடைவார்கள்.

சேதம் தொடங்கிய பிறகும் அது உடனே வெளியே தெரிவதில்லை. விட்டத்தைக் கறையான் உள்ளிருந்து அரிக்கும்போது கூரை நேராகத்தான் நிற்கும். கல்லீரலுக்குத் தன் வேலையைச் செய்யத் தேவையானதைவிட அதிகத் திறன் இருக்கிறது. பெரும்பகுதி பழுதானாலும் மிச்சம் இழுத்துப்பிடித்து ஓட்டும். கண் மஞ்சளாகும்போது நாம் பார்ப்பது நோயின் ஆரம்பம் அல்ல, அதன் மூன்றாம் நாள்.

கணக்கு ஏறக்குறைய இப்படிப் போகும். இரண்டாம் நாளில் வலது விலா எலும்புக்குக் கீழே வலி எழலாம். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறத் தொடங்கும். நொதி என்பது செல்லுக்குள் வேலை செய்யும் பொருள், செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். மூன்றாம் நான்காம் நாட்களில் சேதம் உச்சத்துக்குப் போகும். மஞ்சள் காமாலை, ரத்தம் உறையாமை, நினைவு தடுமாறுதல், சில நேரம் சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் அப்போதுதான். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்குக் கல்லீரல் மீண்டும் வளர்ந்து பழையபடி ஆகிவிடும். தாண்ட முடியாதவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான் வழி. அதற்கான இடம் எங்கள் மலையில் இல்லை.

எங்கள் பகுதியில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. மூன்றாம் நாள் கண் மஞ்சளானதும் காமாலை என்று முடிவு செய்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மாத்திரை விழுங்கியது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அல்லது வெளியே சொல்ல வெட்கம். அந்த ஒரு நாளும் போய்விடுகிறது.

காவலரைத் தயாரிக்க எது குறைகிறது

இனி மருந்துக்கு வருவோம். அதன் பெயர் அசிட்டைல்சிஸ்டீன். ஆஸ்பத்திரியில் என்ஏசி என்பார்கள். சளியை இளக்கும் மருந்தாக முன்பே புழக்கத்தில் இருந்தது. இன்றும் சளிக்காகக் கடைகளில் கிடைக்கிறது. 1970களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் லாரி பிரெஸ்காட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை நரம்பு வழியாகச் செலுத்தி, பாராசிட்டமால் நச்சுக்கு முறிமருந்தாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். அவர்களுடைய 1979ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகு அந்த முறை பரவியது.

அது செய்வது வெகு எளிமையான வேலை. இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் வேண்டும். வீட்டில் அரிசி மூட்டையாக இருக்கிறது, உளுந்து டப்பா காலி என்றால் மாவு ஆட்ட முடியாது. பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியது உளுந்து மட்டும்தான். குளுட்டதயோன் மூன்று பொருட்களால் ஆனது. அவற்றில் இரண்டு உடம்பில் தாராளமாக இருக்கும். முதலில் தட்டுப்பாடாவது சிஸ்டீன் என்ற மூன்றாவது பொருள். என்ஏசி உள்ளே போய் சிஸ்டீனாக மாறிக்கொள்கிறது. கல்லீரல் அதை வைத்துப் புதுக் காவலர்களை வேகமாகத் தயாரிக்கிறது. காட்டுப்பாதையில் நாப்கி இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பிடிக்க ஆள் இருக்கிறது.

எட்டு மணி நேரம் என்ற கெடு எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். காவலர் இருப்பு முற்றாகக் கரைவதற்கு முன்னால் உளுந்து வந்து சேர வேண்டும். மாத்திரை விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் என்ஏசி தொடங்கினால் கல்லீரல் அனேகமாக முழுதும் தப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பலன் குறைந்துகொண்டே போகும். ஆனால் பூஜ்யம் ஆகிவிடாது. இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ஒரு நாள் தாண்டிவிட்டது, இனிப் போய் என்ன பயன்’ என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். கல்லீரல் செயலிழக்கத் தொடங்கியவர்களுக்கும் என்ஏசி உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தாமதமாகிவிட்டது என்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்.

சுருக்கமாகச் சொன்னால், என்ஏசி செத்த செல்லை உயிர்ப்பிப்பதில்லை. சாகப்போகிற செல்லைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் ஆள் நன்றாக இருக்கும்போது அதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த விடிகாலைக்குப் பிறகு

நான் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எத்தனை மணிக்கு விழுங்கினாள்? இரவுச் செய்தி முடிந்த பிறகு, ஒன்பதரை இருக்கும் என்றார். அப்படியானால் ஏழு மணி நேரம் போய்விட்டது. ஒரு வெள்ளைக் காகிதத்தில் ‘9.30’ என்று எழுதி, வெறும் அட்டைகளோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். அந்த இரண்டும்தான் மருத்துவருக்கு முதலில் வேண்டும். மாத்திரையின் பெயர், மில்லிகிராம், எண்ணிக்கை எல்லாம் அட்டை சொல்லிவிடும். நேரத்தை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

லோயர் கேம்ப் வழியாக மலையிறங்கி அவர்கள் ஆஸ்பத்திரி சேர்ந்தபோது ஐந்தே முக்கால். எட்டு மணி நேரம் தாண்டிக் கால் மணி. மருத்துவர் ரத்தம் எடுத்து அனுப்பினார். அதில் பாராசிட்டமால் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். விழுங்கி நாலு மணி நேரம் ஆன பிறகு எடுத்த ரத்தம்தான் சரியான கணக்குச் சொல்லும். அதை ஒரு வரைபடத்தில் நேரத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். அதில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேலே இருந்தால் என்ஏசி தேவை, கீழே இருந்தால் தேவையில்லை. முன்னதாக வந்திருந்தால் அந்த முடிவுக்காகக் காத்திருக்கலாம். இவள் விஷயத்தில் எட்டு மணி நேரம் கடந்துவிட்டதால் மருத்துவர் காத்திருக்கவில்லை. ரத்தம் ஆய்வகத்துக்குப் போனது, ட்ரிப் கையில் ஏறியது.

எடை பார்த்தார்கள், 50 கிலோ. என்ஏசியை எடைக்கு ஏற்பத்தான் கணக்கிடுவார்கள். வழக்கமான முறையில் மூன்று ட்ரிப், மொத்தம் 21 மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 150 மில்லிகிராம், அவளுக்கு ஏழரை கிராம். அடுத்த நாலு மணி நேரத்தில் கிலோவுக்கு 50, அதாவது இரண்டரை கிராம். கடைசிப் 16 மணி நேரத்தில் கிலோவுக்கு 100, அதாவது ஐந்து கிராம். ஆகமொத்தம் 15 கிராம். முதலில் நிறையக் கொடுப்பது காலியான டப்பாவை நிரப்ப. பிறகு மெதுவாகக் கொடுப்பது, நாப்கி உருவாகி முடியும்வரை இருப்புக் குறையாமல் பார்த்துக்கொள்ள.

முதல் ட்ரிப் பாதியில் அவள் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுத்தது. அவளுடைய அண்ணி பயந்துபோய் எனக்குப் போன் செய்தார், “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்துவிடச் சொல்லட்டுமா அண்ணே?” என்று. இது என்ஏசி வேகமாக ஏறும்போது சிலருக்கு வருவதுதான். பெரும்பாலும் மிதமானது. சிறிது நேரம் நிறுத்தி, அரிப்புக்கு ஊசி போட்டு, வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்குவார்கள். மூச்சிரைப்பு உள்ளவர்களைக் கூடுதலாகக் கவனிப்பார்கள். பயந்து நிரந்தரமாக நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. அங்கே செவிலியர் அப்படித்தான் நிறுத்தித் தொடங்கினார், அரிப்பு அடங்கியது.

மதியத்துக்குள் ரத்த முடிவு வந்தது, கோட்டுக்கு மேலே. மூன்றாவது ட்ரிப் முடியும் தறுவாயில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அப்போது பார்ப்பவை மூன்று. பாராசிட்டமால் போய்விட்டதா, கல்லீரல் நொதி ஏறாமல் இருக்கிறதா, ரத்தம் சரியாக உறைகிறதா. மூன்றும் சரியாக இருந்தால்தான் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் மருந்து தொடரும். அவளுக்கு நொதி கொஞ்சம் ஏறியிருந்து, மறுநாள் எடுத்ததில் இறங்கிவிட்டது.

வீட்டில் செய்யக் கூடாதவை

வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். நுரையீரலுக்குள் போய்விட்டால் அது தனி ஆபத்து. தானாக வந்த வாந்தியை வைத்தும் கணக்குப் போட முடியாது, ஏனென்றால் பாராசிட்டமால் ரத்தத்தில் வேகமாகக் கலந்துவிடும். விழுங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போய்விட்டால், மாத்திரையை வயிற்றிலேயே உறிஞ்சிக்கொள்ளும் கரிப்பொடி கொடுப்பார்கள். அதையும் அவர்கள்தான் கொடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சளி மாத்திரையில் என்ஏசி இருக்கிறதே என்று வீட்டில் கரைத்துக் கொடுக்கவும் கூடாது. எடைக்கேற்ற அளவும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் அது நம்மை ஏமாற்றும், நேரத்தையும் தின்றுவிடும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் பலரைத் தாமதிக்க வைக்கிறது. ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், போலீசுக்குத் தகவல் போகலாம். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தமிழ்நாடு கேரள எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, 108க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். மனம் நொந்து பேச ஆள் தேவைப்படுகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

யாரும் விழுங்க நினைக்காத மிகையளவு

எல்லா மிகையளவும் சண்டையில் நடப்பதில்லை. பல்வலியால் மூன்று நாள் தவித்த ஒரு ஜீப் ஓட்டுநர் என்னிடம் வயிற்றுப் பிரட்டலுக்கு மருந்து கேட்டு வந்தார். என்னென்ன எடுத்தீர்கள் என்று கேட்டேன். 650 மாத்திரை நாளுக்கு ஆறு. பல் மருத்துவர் எழுதிய வலி மாத்திரை மூன்று வேளை. அதில் ஒவ்வொன்றிலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்திருந்தது. சளிக்கு வாங்கிய மாத்திரை மூன்று, அதில் தலா 500. பில் காகிதத்தின் பின்பக்கம் கூட்டிப்போட்டேன்: 3,900, 975, 1,500. நாளுக்கு 6 கிராமுக்கு மேல். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம், மெலிந்தவர்களுக்கும் மது பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அவர் ஒரு மருந்தை மூன்று பெயர்களில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

இப்படிச் சிறிது சிறிதாக ஏறியவர்களுக்கு அந்த வரைபடம் உதவாது, விழுங்கிய நேரம் என்று ஒன்று இல்லை அல்லவா? ரத்தத்தில் மருந்து மிச்சம் இருக்கிறதா, நொதி ஏறியிருக்கிறதா என்று பார்த்து என்ஏசியைத் தொடங்குவார்கள். அவருக்கு நொதி ஏறியிருந்தது. அட்டைகளின் பின்னால் சிறிய எழுத்தில் பாராசிட்டமால் என்று எழுதியிருந்த மூன்று இடங்களையும் பேனாவால் வட்டமிட்டுத்தான் அவரை அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் ரத்தம் எடுத்தார்கள் என்று, மூன்றாம் நாள் வண்டியை என் கடை முன் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.